அப்பா தண்ணீர் கேட்கும் கனவு

மேடம், வணக்கம். எனக்கு 38 வயது. கும்பகோணம் பக்கம் சொந்த ஊர், கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு நாள் ஐ.சி.யு.வில் இருந்தார். பேச்சு போய்விட்டது. இரண்டாம் நாள் ராத்திரி, கட்டை விரலை வாய்ப் பக்கம் காட்டித் தண்ணீர் கேட்டார். வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் நான் கொடுக்கவில்லை. நான்காம் நாள் விடியற்காலை நாலு மணிக்குப் போய்விட்டார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். கடைசியாக ஒரு வாய்ப் பால்கூட என் கையால் ஊற்றவில்லை.

இப்போது வாரத்தில் மூன்று நான்கு நாள் ஒரே கனவு. ஊர் வீட்டுக் கிணற்றடியில் அப்பா உட்கார்ந்து கட்டை விரலைக் காட்டுகிறார். பித்தளைச் சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு ஓடுகிறேன். கிட்டப் போவதற்குள் சொம்பு காலி. விழித்துப் பார்த்தால் மணி நாலு. போன வாரம் கையை நீட்டி ‘வா’ என்று கூப்பிட்டார். அதிகாலைக் கனவு பலிக்கும் என்பார்களே! ஜோசியர் இது பித்ரு சாபம், பரிகாரத்துக்கு 40,000 ரூபாய் ஆகும் என்கிறார். தூங்குவதற்காக வாரத்தில் மூன்று நாள் குடிக்கிறேன். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அப்பா இன்னும் தாகத்தோடுதான் இருக்கிறாரா? நான் செய்தது பாவமா?

— பெயர் வேண்டாம், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

மற்றதற்கெல்லாம் போவதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். அப்பா ‘வா’ என்று கூப்பிட்டபோது, போய்விடலாம் என்று உங்களுக்குத் தோன்றியதா? விழித்த பிறகும், பகலிலும், செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்ற நினைப்பு வருகிறதா? கெட்ட கனவு அடிக்கடி வருபவர்களுக்கு, அதுவும் தூக்கம் கெட்டு, குடியும் சேரும்போது, அந்த எண்ணம் வரும் வாய்ப்பு கூடுதல். அதனால்தான் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். ஆம் என்றால் இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இலவசம், இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள். இல்லை என்றால், மேலே படியுங்கள்.

அந்த ராத்திரி நடந்தது

நான் மருத்துவர் இல்லை. ஆனால் பக்கவாதப் பிரிவில் நோயாளிகளின் குடும்பங்களோடு பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர் கேட்டவருக்குக் கொடுக்காமல் நின்ற மகன்களையும் மகள்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே என்ன நடக்கிறது என்பதை யாரும் உங்களுக்கு நிதானமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

நாம் ஒரு வாய்த் தண்ணீரை விழுங்கும்போது, அந்த நொடியில் மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்கிறது, உணவுக்குழாய் திறக்கிறது. பக்கவாதம் வந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு முதல் சில நாள் இந்த வேலை ஒழுங்காக நடப்பதில்லை. தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். குழைந்த சோற்றைவிடத் தண்ணீர்தான் இதில் ஆபத்து, ஏனென்றால் அது வேகமாக ஓடுகிறது. நமக்கெல்லாம் புரை ஏறினால் இருமல் வரும். இவர்களில் சிலருக்கு அந்த இருமலும் வராது. பக்கத்தில் நிற்பவருக்கு, நன்றாகத்தானே குடித்தார் என்றுதான் தோன்றும். மறுநாள் காய்ச்சல், மூச்சிரைப்பு. அதனால்தான் முதலில் ஸ்பூன் கணக்கில் கொடுத்து, இருமுகிறாரா, குரல் கரகரக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும்வரை வாயில் எதுவும் கூடாது என்கிறார்கள். அப்பாவுக்குச் சளி கட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். தண்ணீரே கொடுக்காவிட்டாலும், வாயில் ஊறும் எச்சில் உள்ளே இறங்கியே அது வரலாம். நீங்கள் அன்று ஒரு தம்ளர் கொடுத்திருந்து, பிறகு இதே சளி வந்திருந்தால், இன்று எனக்கு வேறு ஒரு கடிதம் எழுதியிருப்பீர்கள். ‘சொல்லச் சொல்லக் கேட்காமல் தண்ணீர் கொடுத்தேன்’ என்று அது தொடங்கியிருக்கும்.

ஆனால் அவருக்குத் தாகமே இருந்திருக்காது என்று உங்களைத் தேற்றுவதற்காக நான் சொல்ல மாட்டேன். குளுக்கோஸ், சலைன் ஏற்றினால் உடம்புக்குத் தண்ணீர் சேரும். வாய் வறட்சி போகாது. ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்தால் இன்னும் வறளும். அவர் காட்டிய விரல் உண்மையான தாகத்தைத்தான் காட்டியது, நீங்கள் அதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டீர்கள். அந்த நேரத்தில் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. நர்ஸைக் கேட்டு, துணியையோ பஞ்சையோ நனைத்துப் பிழிந்து உதட்டையும் வாய் ஓரத்தையும் துடைத்துவிடலாம். இதை மருத்துவமனைதான் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கூடாது என்பதை மட்டும் சொல்லி, என்ன செய்யலாம் என்பதைச் சொல்லாமல் விட்டது அவர்கள் குறை. எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் நான் பார்த்த பல குடும்பங்களை அந்தச் சின்ன விஷயம்தான் வருடக்கணக்கில் வதைத்திருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ‘கடைசியாகக் கேட்டார், நான் மறுத்தேன்’ என்றுதான் உங்களுக்கு அது இப்போது நினைவில் நிற்கிறது. ஆனால் இரண்டாம் நாள் ராத்திரி அது கடைசி என்று உங்களுக்குத் தெரியாது. அவர் பிழைத்து வருவார் என்று நம்பித்தான் நர்ஸ் பேச்சைக் கேட்டீர்கள். சாகப்போகிறவருக்குப் பால் ஊற்றுவார்கள். பிழைக்கப்போகிறவருக்கு ஊற்ற மாட்டார்கள். நீங்கள் ஊற்றாமல் நின்றது அந்த நம்பிக்கையால். முடிவு தெரிந்த இன்றைய மனம், தெரியாத அன்றைய மகனை நிறுத்தி வைத்து விசாரிக்கிறது. பாவமா என்று கேட்டீர்கள். இல்லை. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஏன் நாலு மணி

இரவில் தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாகப் போகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மூடிய இமைக்குள் கண் வேகமாக அசையும் ஒரு கட்டம் வரும். நீளமான, கதை போன்ற கனவுகள் பெரும்பாலும் அப்போது வருபவை. முன்னிரவில் அந்தக் கட்டம் சில நிமிடம்தான், விடியும் நேரத்தில் நீண்டுவிடும். அதனால் எல்லாருக்குமே அதிகாலையில்தான் கனவு அதிகம். அப்படியே விழித்தும்விடுவதால் நினைவிலும் தங்குகிறது. அதிகாலைக் கனவு பலிக்கும் என்ற பேச்சு இதிலிருந்துதான் பிறந்திருக்கும் என்பது என் ஊகம். கண்ட கனவுகளில் நமக்கு ஞாபகம் இருப்பவை அவைதானே. உங்களுக்கு நாலு மணி என்பது ஐ.சி.யு.வில் சேதி வந்த நேரமும்கூட. விழித்ததும் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். மூன்றே முக்காலுக்கு விழித்த நாள் மறந்துவிடும், நாலுக்கு விழித்த நாள் மனதில் தைத்துக்கொள்ளும். இன்று ராத்திரியிலிருந்து கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள், செல்போனைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

குடியும் இதில் ஒரு காரணம். சாராயம் தூக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவரும், முன்னிரவில் கனவுக் கட்டத்தை அமுக்கிவிடும். உடம்பிலிருந்து அது இறங்கும் பின்னிரவில், அமுக்கி வைத்ததெல்லாம் சேர்த்து வரும். தூக்கம் துண்டு துண்டாக உடையும், கனவு முன்பைவிடத் தெளிவாக வரும். கனவுக்குப் பயந்து குடிக்கிறீர்கள். அந்தக் குடியே விடியற்காலையில் கனவைக் கூட்டுகிறது. குடித்த நாளையும் கனவு வந்த நாளையும் ஒரு காலண்டரில் இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும். நிறுத்திய முதல் சில நாள் கனவு கூடவும் செய்யலாம், பயப்பட வேண்டாம், அடங்கும். மூன்று நாள் என்பது உண்மையில் தினமும்தான் என்றாலோ, குடிக்காத நாளில் கை நடுங்கி வியர்க்கிறது என்றாலோ மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். பிரஷருக்கோ வேறு எதற்கோ இந்த எட்டு மாதத்தில் புது மாத்திரை தொடங்கியிருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். சில மாத்திரைகள் கனவைத் தூண்டும்.

கனவு யாருடையது

1896 அக்டோபரில் வியன்னாவில், கனவுகளை ஆராய்ந்த மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்டின் அப்பா இறந்தார். அடக்கத்தன்று முடிதிருத்தும் கடையில் காக்க வைத்துவிட்டதால் ஃப்ராய்ட் தாமதமாகத்தான் வீடு போய்ச் சேர்ந்தார். வீட்டாருக்கு வருத்தம். அதே கடையில் ‘கண்களை மூடும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று ஒரு பலகை தொங்குவதாக அவருக்குக் கனவு வந்தது. பிள்ளை அப்பாவின் கண்ணை மூட வேண்டும் என்ற கடமையும், என் குற்றத்தைக் கண்டுகொள்ளாதீர்கள் என்ற கெஞ்சலும் அந்த ஒரு வரியில் இருந்தன. உயிரோடு இருப்பவர்களுக்கு வழக்கமாக வரும் தன்னைத்தானே குறை சொல்லும் மனநிலையிலிருந்து வந்த கனவு இது என்று சில நாளில் தன் நண்பருக்கு அவரே எழுதினார். கனவுகளைப் பற்றி அவர் பிறகு சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்பவள் இல்லை. ஆனால் இந்த இடத்தில் அவர் ஒரு மகனாகப் பேசுகிறார், அது எனக்கு உண்மையாகப் படுகிறது.

உங்கள் கனவையும் அப்படிப் பாருங்கள். அதில் ஐ.சி.யு. இல்லை, நர்ஸ் இல்லை, கூடாது என்று சொல்பவர் யாருமே இல்லை. ஊர்க் கிணறு இருக்கிறது, சொம்பு இருக்கிறது. தடையெல்லாம் நீங்கிய இடத்துக்கு உங்கள் மனம் உங்களைக் கூட்டிப்போகிறது, எப்படியாவது கொடுத்துவிடு என்று. கொடுக்க முடியவில்லை என்ற நினைவு அதைவிட வலுவாக இருப்பதால் சொம்பு காலியாகிறது. அங்கே ஓடுபவர் நீங்கள்தான். அப்பா தாகத்தோடு இருக்கிறாரா என்று கேட்டீர்கள். போனவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்பது என் தொழில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை. இந்தக் கனவு அதற்குச் சாட்சி ஆகாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். ‘வா’ என்று கூப்பிட்டதும் அப்படித்தான். தண்ணீர் மொண்டுகொண்டு வரும் பிள்ளையை எந்த அப்பாவும் ‘வா’ என்றுதான் சொல்வார்.

பகலில் செய்ய வேண்டியது

திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுகளுக்குப் பயன்படுத்தும் ஒரு முறை உண்டு. கனவைப் பகலில் எழுதி, அதை மாற்றி, மாற்றியதை மனதில் ஒத்திகை பார்ப்பது. பேரி க்ராகோ என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் இதைச் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள். வன்கொடுமைக்கு ஆளான பெண்களின் கெட்ட கனவுகளில் அதிகம் சோதிக்கப்பட்ட முறை இது. துக்கத்தில் வரும் கனவுகளுக்கு நான் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்துகிறேன்.

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலோ மாலையிலோ, படுக்கையில் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து, கனவை இப்போது நடப்பது போல எழுதுங்கள்: அப்பா கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறார், நான் வாளியை இறக்குகிறேன் என்று. ஒரே ஒரு முறை எழுதினால் போதும். அப்புறம் எங்கே மாற்றலாம் என்று பாருங்கள். பலர் இங்கே ஒரு தப்புச் செய்வார்கள். அப்பா எழுந்து நடந்து, நன்றாகி, சாப்பிட்டு என்று எழுதிவிடுவார்கள். அது மனதில் ஒட்டாது. ஒட்டினாலும், விழித்தவுடன் அவர் இல்லை என்பது இன்னொரு முறை அடிக்கும். சின்னதாக, உங்கள் கையால் முடிகிற ஒன்றை மாற்றுங்கள். உதாரணமாக இப்படி:

‘சொம்பு காலியாகிறது. நான் ஓடவில்லை. தோளில் கிடக்கும் துண்டைக் கிணற்றுத் தண்ணீரில் நனைக்கிறேன். பிழிகிறேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து உதட்டைத் துடைக்கிறேன். அவர் விரல் கீழே இறங்குகிறது.’

இது நான் எழுதியது. உங்களுடையது வேறாக இருக்கும், இருக்கவும் வேண்டும். துண்டின் ஈரம், கிணற்றடிப் பாசி வாசம் எல்லாம் வரட்டும். இந்தப் புது வடிவத்தை மட்டும் தினமும் பத்து இருபது நிமிடம் கண்ணை மூடி மனதில் ஓட்டுங்கள். பழைய கனவுக்குத் திரும்பப் போக வேண்டாம். அழுகை வந்தால் அழுங்கள். மூச்சு முட்டுகிறது, ஐ.சி.யு. காட்சி கண் முன்னால் வந்து நிற்கிறது என்றால் நிறுத்திவிடுங்கள். அப்படி வருபவர்கள் இதைத் தனியாகச் செய்யக் கூடாது, ஓர் ஆலோசகர் பக்கத்தில் இருக்க வேண்டும். புது முடிவே கனவில் வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் கனவு வரும் நாள் குறையும், அல்லது வந்தாலும் அந்தப் பதைப்பு குறையும். சில வாரம் கொடுத்துப் பாருங்கள்.

இந்தக் கட்டத்தில் சிலர் பாதியில் விட்டுவிடுவார்கள். ‘கனவும் நின்றுவிட்டால் அப்பா முகம் பார்க்க எனக்கு வேறு என்ன இருக்கிறது?’ என்று ஒருவர் என்னிடம் கேட்டார். உங்களுக்கும் அந்தப் பயம் வரலாம். தாகம் கனவை விட்டுப் போன பிறகும் அப்பா வருவதுண்டு. திண்ணையில் பேப்பர் படிப்பதுபோல, சும்மா. அப்படிக் கண்டவர்கள் நிறையப் பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஜோசியரும் அம்மாவும்

40,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். நீங்கள் குற்றம் செய்துவிட்டதாக ஏற்கெனவே நம்புகிறீர்கள். சாபம் என்ற சொல் அந்த நம்பிக்கைக்கு முத்திரை குத்துகிறது. பணம் கொடுத்த பிறகும் கனவு வந்தால், பரிகாரம் போதவில்லை என்றுதான் அடுத்த பேச்சு வரும். கடன் வாங்கி மூன்று இடத்தில் பரிகாரம் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்காகச் சடங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் குடும்ப வழக்கத்தில் அமாவாசைத் தர்ப்பணம் உண்டென்றால், ஊருக்குப் போய்க் காவிரிக் கரையில் செய்யுங்கள். வழக்கமாகக் கொடுக்கும் தட்சணை போதும். அந்தச் சடங்கு என்ன என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளை தன் கையால் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது. கனவில் முடியாமல் போவது அதுதானே. சாபம் தீர்க்கும் கூலியாக நினைக்காமல், கொடுக்க நினைத்த தண்ணீராக நினைத்து இறைக்கும்போது, அது உங்களுக்குள் சேரும் விதமே வேறு. வழக்கம் இல்லையென்றால், அப்பா படத்துக்கு முன் தினமும் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு, சாயங்காலம் அதைச் செடிக்கு ஊற்றினாலும் போதும்.

அம்மாவிடம் சொல்லுங்கள். அவர் மனம் கஷ்டப்படும் என்று மறைக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் நான் பார்ப்பது இருவரும் ஒருவருக்கொருவர் மறைப்பதைத்தான். அம்மாவுக்கும் கனவு வந்துகொண்டிருக்கலாம். கனவிலிருந்து தொடங்க வேண்டாம். அன்று ஐ.சி.யு.வில் அப்பா தண்ணீர் கேட்டார், நான் கொடுக்கவில்லை என்று அதையே சொல்லுங்கள். தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குப் போய்விடக்கூடிய நிலை அது என்பதையும் சொல்லுங்கள். அவரும் ‘ஏன்டா கொடுக்கலை’ என்று மனதுக்குள் வைத்திருந்தால், அதுவும் அன்றைக்கு வெளியே வந்து தீரட்டும்.

எப்போது நேரில் வர வேண்டும்

பட்டறைக்குப் போகிறீர்கள், வேலை செய்கிறீர்கள் என்றே உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். எட்டு மாதத்தில் அழுவதும் கனவு காண்பதும் நோய் இல்லை. ஆனால் நீளும் துக்கம் என்று தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு நிலை உண்டு. உலக சுகாதார அமைப்பின் வகைப்பாடு அதற்கு ஆறு மாதத்தை எல்லையாக வைக்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர்கள் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறார்கள். மாதக் கணக்கைவிட நான் பார்ப்பது இதைத்தான்: அப்பாவின் நினைப்பு பெரும்பாலான நாட்களில் மற்ற எதையும் செய்யவிடாமல் பிடித்துக்கொள்கிறதா? அந்த மருத்துவமனைத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறீர்களா? அவர் சட்டையைத் தொட முடியவில்லையா? பிள்ளைகள் சிரித்தால்கூட மனதில் ஒன்றும் அசையவில்லையா? இவற்றில் இரண்டு மூன்று உண்டென்றால், அல்லது நோட்டு எழுதி ஆறு வாரம் ஆகியும் கனவு அப்படியே இருந்தால், மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள். கோவை அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு.

இன்னும் நான்கு மாதத்தில் தலைத்திவசம் வரும். அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில், எல்லாம் அடங்கியிருந்தாலும், கனவு திரும்ப வரலாம். அப்போது ஜோசியரைத் தேட வேண்டாம். நோட்டை எடுத்து, துண்டை நனைக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்து, மறுபடியும் சில நாள் ஓட்டிப் பாருங்கள். அந்த ராத்திரிகளில் முடிந்தால் ஊரில், அம்மா பக்கத்தில் இருங்கள்.